சரியான எண் முதலில், தவறான எண் பிறகு

இன்ஸ்டாகிராம் பதிவின் கேப்ஷனில் தேதியோ விலையோ தப்பாகப் போய்விட்டது தெரிந்தால் கை தானாகவே எடிட் பொத்தானைத் தேடும். உள்ளே போய் எண்ணை மாற்றி, சேமித்துவிட்டு, இதற்குள் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று மனதைத் தேற்றிக்கொள்வோம். மற்றவர்களின் பக்கங்களுக்கு எழுதிக் கொடுத்துப் பார்த்துக்கொள்வது என் வேலை என்பதால் இதை அடிக்கடி பார்க்கிறேன். மாற்றுவதில் தப்பில்லை, மாற்றத்தான் வேண்டும். ஆனால் அந்த மாற்றம் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்று பலரும் யோசிப்பதில்லை. இனிமேல் படிக்கப்போகிறவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேர்கிறது. ஏற்கெனவே படித்துவிட்டுப் போனவர் பழைய எண்ணோடுதான் இருக்கிறார்.

ஒரு பதிவைப் பெரும்பாலோர் பார்ப்பது அது வந்த முதல் சில மணி நேரத்தில்தான். ஒருமுறை பார்த்தவர் கண்ணில் அதே பதிவு மறுபடி படுவது அரிது. கேப்ஷனை எடிட் செய்தால் லைக் போட்டவருக்கோ கமெண்ட் போட்டவருக்கோ அறிவிப்பு எதுவும் போகாது. பதிவைச் சேமித்து வைத்தவர் திரும்பத் திறந்தால் புதிய கேப்ஷனைப் பார்ப்பார். ஆனால் தேதி நினைவிருக்கிறது என்று நம்புகிறவர் ஏன் திறக்கப் போகிறார்? ஸ்கிரீன்ஷாட் எடுத்தவரிடம் இருப்பதோ பழைய கேப்ஷன் மட்டும்தான், அது மாறவே மாறாது.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. சத்தமில்லாமல் மாற்றிவிட்டால், முதலில் படித்தவர் சொல்வது பொய்யாகிவிடுகிறது. “ஞாயித்துக்கிழமைனுதானே போட்டிருந்தாங்க?” என்று ஒருவர் தோழியிடம் சொல்ல, அவர் போனைத் திறந்து காட்டுகிறார்: “சனினு தெளிவா இருக்கே, நீதான் சரியாப் பாக்கல.” சரியாகப் படித்தவருக்குத் தன் கண் மீதே சந்தேகம் வருகிறது. எண்ணை மாற்றியதோடு “இது மாறியிருக்கிறது” என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

சரி, அந்த ஒரு வரியை எப்படி எழுதுவது, எங்கே வைப்பது? ஒரு உதாரணத்தை வைத்துப் பார்க்கலாம். கையால் நோட்டுப் புத்தகம் தைக்கச் சொல்லித்தரும் ஒருவருக்கு நான் கேப்ஷன் போடுவது வழக்கம்; அக்கா என்றுதான் கூப்பிடுவேன். 2025 ஜூன் பயிற்சிக்கு அவர் அனுப்பியதை அப்படியே வைத்து, ஜூன் 2 இரவு வெளியான கேப்ஷன் இது:

“வெற்றுத் தாள்களிலிருந்து ஒரு முழு நோட்டுப் புத்தகம். ஜூன் 15, சனிக்கிழமை, காலை 10 முதல் 1 வரை. கட்டணம் 560. ஊசி, நூல், தாள் எல்லாம் நாங்களே தருகிறோம். பதிவு செய்ய மெசேஜ் அனுப்பவும்.”

மறுநாள் காலை ஒரு கமெண்ட் வந்தது: “15 ஞாயிறாச்சே?” அவ்வளவுதான். கேட்டவர் ஒருவர். நாட்காட்டியைப் பார்த்துக் குழம்பிவிட்டுக் கேட்காமல் போனவர்கள் எத்தனை பேரோ.

நாளும் கிழமையும் சேர்ந்து வரும் இடத்தில் தப்பு நடந்தால் அது தானே வெளியே தெரிந்துவிடும். அதற்காகவே கிழமையைச் சேர்த்து எழுதச் சொல்வேன். வெறும் “ஜூன் 15” என்று இருந்திருந்தால் அந்தக் கமெண்ட்கூட வந்திருக்காது. அன்றைக்குப் பூட்டிய கதவு முன்னால் நின்றுதான் ஆட்கள் கேட்டிருப்பார்கள். விலைக்கு இந்த வசதி கிடையாது. 560 தப்பு என்று 560-ஐப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

கமெண்டைப் பார்த்ததும் பதில் போட வேண்டும் என்று மனம் துடிக்கும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். “மன்னிக்கவும், 14 தான்” என்று ஊகித்து எழுதிவிட்டு, பிறகு “இல்லை, ஞாயிறுதான் சரி” என்று வந்தால் அதற்கப்புறம் நாம் எதைச் சொன்னாலும் எடுபடாது. ஒரு திருத்தத்தை மக்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்வார்கள். திருத்தத்துக்கே திருத்தம் வந்தால் எதை நம்புவது என்று ஒவ்வொருவரும் தனியாக மெசேஜ் அனுப்பிக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அதனால் முதலில் சரிபார்க்க வேண்டும். கேட்கும் விதத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. “அக்கா, 14 தானே?” என்று கேட்டால் வேறு வேலையில் இருப்பவர் “ஆமா ஆமா” என்று சொல்லிவிடுவார். விடையை நாமே கேள்விக்குள் வைத்துவிட்டோம். “வகுப்பு என்னைக்குக்கா? இடம் எந்த நாளுக்குப் பதிவு பண்ணிருக்கீங்க? அந்த ரசீதைப் பாத்துச் சொல்லுங்க” என்று கேட்க வேண்டும். ரசீதில் ஜூன் 14, சனி என்று இருந்தது. ஆக கிழமை சரி, தேதிதான் தப்பு.

அதோடு போனை வைத்துவிடக் கூடாது. கேப்ஷனில் இருக்கும் மற்ற எல்லாவற்றையும் அதே மூச்சில் கேட்டுவிட வேண்டும்: நேரம், கட்டணம், இருந்தால் இடம், தொடர்பு எண். ஒரு எண் தப்பாக இருக்கும் கேப்ஷன் பெரும்பாலும் அவசரத்தில் தட்டியது; அடுத்த எண்ணும் தப்பாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இங்கே அப்படித்தான் ஆயிற்று. “கட்டணம் எவ்வளவுக்கா?” என்றதும் “அறுநூத்தம்பது” என்றார். கேப்ஷனில் 560. இலக்கம் இடம் மாறிவிட்டது. கமெண்டில் கேட்டவர் தேதியை மட்டும்தான் கேட்டார். அதை மட்டும் திருத்தியிருந்தால் கட்டணத் தப்பு பணம் கட்டும் நேரத்தில்தான் வெடித்திருக்கும்.

இந்த இடத்தில் அக்கா சொன்னது எல்லோரும் சொல்வதுதான்: “பேசாம அதை டெலீட் பண்ணிட்டுப் புதுசா போட்டுருவோமா?” கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் பதிவை அழித்தால் படித்தவர் மனதில் இருக்கும் 15-உம் 560-உம் அழியாது. அவர் சரிபார்க்கத் திரும்பி வரும்போது பதிவே இருக்காது. நினைவில் இருப்பது மட்டும் மிஞ்சும். கமெண்டில் நண்பரை டேக் செய்திருந்தவர்கள், கேள்வி கேட்டவர்கள் எல்லோரையும் நாம் தொடர்புகொள்ள இருந்த வழியும் அதோடு போய்விடும். பதிவு வெளியாகி ஓரிரு நிமிடமே ஆகி, யாரும் எதுவும் செய்யவில்லை என்றால் அழித்துவிட்டுப் போடலாம். ஒரு இரவு தாண்டிய பதிவை அழிப்பது சாட்சியை அழிப்பதுபோல ஆகிவிடும். அப்படியே வைத்துத் திருத்துவதுதான் சரி.

இப்போது அந்த வரி. வேலைக்கு வந்த புதிதில் இருப்பவர்கள் எழுதித் தரும் முதல் வடிவம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: “அன்பு நண்பர்களே, எங்கள் பதிவில் ஏற்பட்ட சிறு தவறுக்கு வருந்துகிறோம். தேதி மாற்றப்பட்டுள்ளது. நன்றி.” மரியாதையாக இருக்கிறது, ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை. எந்தத் தேதி எந்தத் தேதியானது? கேப்ஷனை முழுக்கத் திரும்பப் படித்து, தன் நினைவில் இருப்பதோடு ஒப்பிட்டுப் படிப்பவரே கண்டுபிடிக்க வேண்டும். போதாததற்கு “மாற்றப்பட்டுள்ளது” என்ற சொல் வகுப்பையே வேறு நாளுக்குத் தள்ளிவைத்ததுபோல ஒலிக்கிறது.

அடுத்த வடிவம் கொஞ்சம் தேவலை: “ஜூன் 15 அல்ல, ஜூன் 14. கட்டணம் 560 அல்ல, 650.” பழைய எண்ணைச் சொல்கிறது, நல்லது. பழைய எண்ணை மனதில் வைத்திருப்பவருக்கு அதைப் பார்த்தால்தான் “இது எனக்குத்தான்” என்று உறைக்கும். ஆனால் வரிசை தப்பு. நம் வாக்கியத்தில் மறுப்பு பின்னால்தான் வருகிறது. திரையை விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர் கண்ணில் முதலில் விழுவது “ஜூன் 15”, “560”. “அல்ல” வருவதற்குள் விரல் அடுத்த பதிவுக்குப் போயிருக்கும். தப்பான எண்ணை நாமே இன்னொரு முறை விளம்பரம் செய்ததுபோல ஆகிவிடும்.

நாங்கள் போட்டது இது:

“திருத்தம் (ஜூன் 3, காலை 11 மணி): வகுப்பு ஜூன் 14, சனிக்கிழமை. முன்பு 15 என்று தவறாக இருந்தது. 15 ஞாயிறு அன்று வகுப்பு இல்லை. கட்டணம் 650 (முன்பு 560 என்று இருந்தது). இந்தத் திருத்தத்துக்கு முன் பதிவு செய்தவர்களுக்கு 560-தான்.”

சரியான எண் முன்னால், தவறான எண் பின்னால். இதில் “15 ஞாயிறு அன்று வகுப்பு இல்லை” என்ற துண்டைப் பலர் தேவையில்லை என்று வெட்டிவிடுவார்கள். எனக்கு இருப்பதிலேயே முக்கியமானது அதுதான். பழைய கேப்ஷனில் தேதியும் கிழமையும் முட்டிக்கொண்டு நின்றதால் படித்தவர்கள் இரண்டாகப் பிரிந்திருப்பார்கள். சிலர் “சனிக்கிழமை” என்று நினைவில் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் திருத்தத்தைப் பார்க்காவிட்டாலும் சரியான நாளில் வந்துவிடுவார்கள். சிலர் “15” என்று குறித்துக்கொண்டார்கள்; போன் நாட்காட்டியில் 15-ஐத் தொட்டு நினைவூட்டல் வைத்தவருக்கு அது ஞாயிறு என்பதே உறைக்காது. ஏமாந்து வரப்போகிறவர்கள் இவர்கள்தான். “வகுப்பு 14” என்று மட்டும் சொன்னால், 15 அன்று இன்னொரு வகுப்பு இருக்கும்போல என்று நினைத்துக்கொள்ளவும் இடமிருக்கிறது. அந்த நாள் கிடையாது என்று வெளிப்படையாகச் சொன்னால்தான் முடிகிறது.

மன்னிப்பு எங்கே என்று கேட்பீர்கள். கேட்கலாம், கேப்ஷனின் கடைசியில் ஒரு சொல். முதல் வரியில் வேண்டாம். ஃபீடில் ஓடும்போது கேப்ஷனில் முதல் ஒன்றிரண்டு வரிதான் தெரியும், மீதி “மேலும்” என்பதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அந்தச் சின்ன இடத்தில் “மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்” என்பது உட்கார்ந்துகொண்டால் தேதிக்கு இடமில்லை. இதே காரணத்துக்காகத் திருத்தக் குறிப்பு கேப்ஷனின் தலையில்தான் இருக்க வேண்டும். அடியில், ஹேஷ்டேக்குகளுக்கு நடுவே வைத்த திருத்தத்தை எழுதியவரைத் தவிர யாரும் படிப்பதில்லை. நீளமான கேப்ஷன் என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இன்ஸ்டாகிராமில் ஒரு கேப்ஷனுக்கு 2,200 எழுத்துதான் எல்லை. நிரம்பி வழியும் கேப்ஷனில் குறிப்பைச் சேர்த்தால் சேமிக்காது. கீழே எதையாவது வெட்ட வேண்டிவரும். ஹேஷ்டேக்கில் கை வைக்கலாம், யாருக்கும் நஷ்டமில்லை.

தலையில் குறிப்பு வைத்துவிட்டு உடலில் பழைய வரியை அப்படியே விட்டுவிடும் வழக்கமும் உண்டு. “மூலத்தை மறைக்கவில்லை” என்று காரணம் சொல்வார்கள். நேர்மையான எண்ணம்தான், ஆனால் நடைமுறையில் ஆபத்து. நண்பருக்கு அனுப்புகிறவர் வேண்டிய வரியை மட்டும் தட்டச்சு செய்து அனுப்புவார்; அது உடலில் இருக்கும் “ஜூன் 15” வரியாக இருக்கலாம். உடலிலும் திருத்த வேண்டும். பழையது என்ன என்பதைச் சொல்லத்தான் குறிப்பு இருக்கிறதே.

கோடு போட்டு அடிப்பது பற்றியும் கேட்பார்கள். இணையப் பக்கத்தில் அதற்கென்றே `<del>`, `<ins>` என்ற குறிகள் உண்டு. வாட்ஸ்அப்பில் இரண்டு பக்கமும் `~` வைத்தால் கோடு விழும். இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் அந்த வசதி இல்லாததால், எழுத்தின்மேல் கோடு வரைந்து தரும் தளங்களில் போய் எடுத்து ஒட்டுகிறார்கள். அது உண்மையான அடித்தல் இல்லை. ஒவ்வொரு எழுத்துக்குப் பின்னாலும் ஒரு ஒட்டுக்குறியைச் சேர்க்கும் வித்தை. தமிழ் எழுத்தில் கொம்பும் காலும் பிரிந்து, புள்ளி வட்டங்கள் முளைத்து அசிங்கமாகிவிடும். எண்ணில் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும், ஆனால் திரைவாசிப்பான் வைத்துக் கேட்பவருக்கு அந்தக் கோடு கேட்காமலே போகலாம். அவருக்கு “கட்டணம் 560 650” என்று வந்தால் என்ன புரியும்? சொல்லால் சொல்லிவிடுவதே மேல்.

குறிப்பில் நேரத்தைப் போட்டதற்குக் காரணம் கட்டணம். தேதித் தப்பில் போனது போனதுதான், சரியானதைச் சொன்னால் போதும். விலைத் தப்பில் அந்த எண்ணை நம்பி யாரோ ஏற்கெனவே ஏதோ செய்திருப்பார்கள். அவர்களுக்கு எந்த விலை என்று நாமே முடிவெடுத்துச் சொல்ல வேண்டும், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. அக்காவுக்கு இதில் தயக்கம் இருந்தது.

“எல்லாருக்கும் 650-னு சொல்லிரலாமே? தப்பு நடந்துபோச்சுனு சொன்னா புரிஞ்சுக்குவாங்க.”

“புரிஞ்சுக்குவாங்கக்கா. ஆனா ஏற்கெனவே பணம் போட்டவங்ககிட்ட இன்னொரு 90 கேக்கணும். எத்தனை பேர் போட்டிருக்காங்க?”

ஏழு பேர். ஏழு பேருக்கு 90 வீதம் 630. ஒரே ஒருவரின் முழுக் கட்டணத்தைவிடக் குறைவு. அந்த ஏழு பேரிடமும் தனித்தனியாக மெசேஜ் அனுப்பி, விளக்கி, மீதியை வாங்கி, யாராவது ஒருவர் “அப்ப நான் வரல, பணத்தைத் திருப்பிக் குடுங்க” என்றால் அதையும் செய்து... கணக்கைப் போட்டுப் பார்த்ததும் அக்காவே “விடு, 560-யே இருக்கட்டும்” என்றுவிட்டார். “வர்றேன்” என்று மெசேஜ் மட்டும் அனுப்பிவிட்டுப் பணம் போடாதவர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். அவர்களையும் பழைய விலையில் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். பதிவு செய்ய மெசேஜ் அனுப்பவும் என்றுதானே கேப்ஷனில் இருந்தது? அவர்கள் சொன்னதைச் செய்துவிட்டார்கள்.

இங்கேதான் “ஜூன் 3, காலை 11 மணி” என்பது வெறும் அலங்காரமாக இல்லாமல் எல்லைக்கோடாகிறது. அதற்கு முன் வந்த மெசேஜுக்கு 560, பின் வந்ததற்கு 650. மெசேஜில் நேரம் இருக்கிறது, குறிப்பிலும் நேரம் இருக்கிறது, வாக்குவாதம் வந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். “இன்று திருத்தப்பட்டது” என்று எழுதினால் நாளைக்கே அந்த “இன்று” எந்த நாள் என்று தெரியாமல் போய்விடும்.

எப்போதும் இப்படி விட்டுக்கொடுக்க முடியாது என்பது தெரியும். ஒரு இலக்கமே விட்டுப்போய் 650 என்பது 65 ஆகியிருந்தால் ஏழு பேருக்கு அதைத் தாங்க முடியாது. அந்த மாதிரி நேரத்தில், பணம் போட்டவர் ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதி, முழுப் பணத்தையும் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் அல்லது மீதியைக் கட்டி வரலாம் என்று இரண்டையும் அவர் கையில் கொடுக்க வேண்டும். பொதுக் குறிப்பிலும் அதையே எழுத வேண்டும், தனியாக ஒன்று பொதுவில் ஒன்று என்று இருக்கக் கூடாது. தப்பு மறுபக்கம் போய், உண்மையான விலையைவிடக் கூடுதலாகப் போட்டிருந்தால் கதை எளிது: கூடுதலாகக் கட்டியவருக்கு அவர் கேட்காமலே வித்தியாசத்தை அனுப்பிவிட்டு, அனுப்பியாயிற்று என்று குறிப்பில் சொல்லிவிட வேண்டியதுதான்.

விலையில் ஒரு தந்திரமும் நடக்கும், அதில் நான் உடன்படுவதில்லை. விலை முதலில் உண்மையிலேயே 560-ஆக இருந்து, தாள் விலை ஏறியதால் 650 ஆக்கியிருந்தால் அது திருத்தம் கிடையாது, விலை மாற்றம். அதைத் “திருத்தம்” என்ற பெயரில் போட்டால், முதலிலிருந்தே 650-தான், நாங்கள் தட்டச்சில் பிசகினோம் என்று பொருள். ஏமாற்றுவதாகவே நினைக்காமல் பலர் இதைச் செய்கிறார்கள், அந்தச் சொல் கொஞ்சம் மென்மையாகத் தெரிகிறது என்பதற்காக. படிப்பவர்களில் ஒருவராவது பழைய விலையில் வாங்கியிருப்பார், அவருக்கு உண்மை தெரியும். “ஜூன் 3 முதல் கட்டணம் 650” என்று மாற்றத்தை மாற்றமாகவே சொல்லிவிடலாமே.

கேப்ஷன் ஆயிற்று. ஆனால் முன்னமே சொன்னதுபோல, எடிட் யாரையும் தட்டி எழுப்பாது. எழுப்புவதற்கு நமக்கு இருக்கும் நல்ல கருவி பதில் கமெண்ட். ஒருவரின் கமெண்டுக்குப் பதில் போட்டால் அவருக்கு அறிவிப்பு போகும். “15 ஞாயிறாச்சே?” என்றவருக்கு நன்றியோடு ஒரு பதில். அதோடு நிற்காமல், “வரலாமா?” என்று நண்பரை டேக் செய்திருந்த ஒவ்வொருவருக்கும் “வகுப்பு 14 சனி, கட்டணம் 650, முதலில் தவறாக இருந்தது” என்று பதில். ஒரே மாதிரி வரியை ஒட்டிக்கொண்டே போவது பார்க்க நன்றாக இல்லைதான். இருக்கட்டும். பதிவைப் பார்த்து உண்மையில் வரத் திட்டமிட்டவர்கள் இவர்கள்தான். அதன்பின் திருத்தத்தையே ஒரு கமெண்டாகவும் எழுதி மேலே பின் செய்துவிடலாம். கேப்ஷனை விரிக்காமல் நேராகக் கமெண்டுக்குப் போகிற கூட்டம் ஒன்று இருக்கிறது.

ஸ்டோரியிலும் அதே விவரம் போயிருந்தது. வெளியான ஸ்டோரியின் எழுத்தைத் திருத்த முடியாது, அதனால் அதை அழித்துவிட்டுத் திருத்தத்தோடு புதிதாக ஒன்று போட்டோம். அழிப்பது சரியாக இருக்கும் இடம் அதுதான்: எப்படியும் 24 மணி நேரத்தில் மறைந்துவிடப் போவது, திருத்தவும் வழியில்லை.

வாட்ஸ்அப் குழுக்கள் தனித் தலைவலி. அனுப்பிய செய்தியை 15 நிமிடம்வரை எடிட் செய்யலாம், அதற்கப்புறம் முடியாது. முடிந்தாலும், அதற்குள் யாராவது ஃபார்வர்ட் செய்திருந்தால் அந்த நகல்கள் பழைய எண்ணோடுதான் சுற்றும். குழுவுக்குள் நம் பழைய செய்தியையே மேற்கோளாகப் பிடித்து, அதன் கீழே திருத்தத்தை எழுதலாம். குழுவில் இருப்பவருக்கு இரண்டும் சேர்ந்து தெரியும். ஆனால் அந்தத் திருத்தத்தை யாராவது வேறு குழுவுக்கு ஃபார்வர்ட் செய்தால் மேற்கோள் கூடப் போகாது, தனி வரி மட்டும்தான் போகும். “சரியான தேதி 14” என்று மட்டும் எழுதியிருந்தால் அங்கே இருப்பவருக்கு எதன் தேதி என்றே தெரியாது. அதனால் வாட்ஸ்அப்புக்கு எழுதும் திருத்தம் தன் காலில் நிற்க வேண்டும்: எந்தப் பயிற்சி, எந்த நாள், முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன, எல்லாம் அந்த ஒரே செய்திக்குள்.

படத்திலேயே தப்பு இருந்தால்? அக்காவின் பதிவில் இருந்தது தைத்த நோட்டின் புகைப்படம் மட்டும், தப்பித்தோம். தேதி போட்ட போஸ்டராக இருந்திருந்தால் கேப்ஷனை எவ்வளவு திருத்தினாலும் பயனில்லை. படத்தில் பெரிய எழுத்தில் 15 என்றும் கேப்ஷனில் 14 என்றும் இருந்தால் கண் படத்தைத்தான் நம்பும். இன்ஸ்டாகிராமில் வெளியிட்ட படத்தை மாற்ற முடியாது. அப்போது புதிய போஸ்டரைத் தனிப் பதிவாகப் போட்டு, பழைய பதிவின் கேப்ஷன் தலையில் “இந்தப் படத்தில் உள்ள தேதி தவறு. வகுப்பு ஜூன் 14, சனி” என்று எழுத வேண்டியதுதான். புதிய போஸ்டரைப் பழையதிலிருந்து ஒரு பார்வையில் பிரித்தறிய முடிய வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரே நிறம், ஒரே எழுத்து, 15-க்குப் பதில் 14 மட்டும் மாறியிருந்தால், இரண்டும் ஸ்கிரீன்ஷாட்டாகச் சுற்றும்போது எது பின்னால் வந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. பின்னணி நிறத்தை மாற்றி, “ஜூன் 3 அன்று திருத்தியது” என்று படத்துக்குள்ளேயே எழுதிவிட வேண்டும். “புதியது” என்று எழுதுவதில் பயனில்லை. வெளியான அன்றைக்கு எல்லாப் போஸ்டரும் புதியதுதான். படத்துக்கு மாற்று உரை எழுதியிருந்தால் அதிலும் பழைய தேதி ஒளிந்திருக்கும், அதையும் பார்க்க வேண்டும்.

எழுத்துப் பிழைக்கெல்லாம் இவ்வளவு தேவையா என்றால், வேண்டாம். “நோட்டு” என்பது “நொட்டு” ஆகியிருந்தால் சத்தமில்லாமல் மாற்றிவிட்டுப் போகலாம். அதை நம்பி யாரும் எதுவும் செய்யப்போவதில்லை. படித்தவர் அதை வைத்துக் கிளம்புவாரா, பணம் கட்டுவாரா, விடுப்பு எடுப்பாரா என்று பார்ப்பேன். தேதி, நேரம், இடம், விலை, தொடர்பு எண் ஆகியவற்றுக்குக் குறிப்பு. மற்றதற்கு எடிட் போதும். ஒவ்வொரு ஒற்றுப் பிழைக்கும் திருத்தம் போடுகிற பக்கத்தில் உண்மையான திருத்தம் வரும்போது யாரும் நின்று பார்க்க மாட்டார்கள்.

திருத்தம் வேலை செய்கிறதா என்பதைப் பிறகு வரும் மெசேஜ்களிலேயே பார்க்கலாம். “14-க்கு ஒரு இடம் வேணும்” என்று வந்தால் நல்லது. “எந்த நாளுங்க, 14-ஆ 15-ஆ?” என்று வந்தால் குறிப்பு தப்பான இடத்தில் இருக்கிறது அல்லது எங்கோ பழைய எண் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது, எங்கே பார்த்தீர்கள் என்று அவரிடமே கேட்டால் இடம் தெரிந்துவிடும். இப்படிக் கேட்டதில், அக்காவின் பக்க அறிமுகத்தில் “ஜூன் 15 வகுப்பு” என்று ஒரு வரி யாரும் தொடாமல் கிடந்தது தெரியவந்தது. பதிவு செய்கிற ஒவ்வொருவருக்கும் உறுதிப்படுத்தும் மெசேஜில் “14, சனி, காலை 10” என்று முழுதாக எழுதச் சொன்னேன், வெறும் “பதிவாகிவிட்டது” வேண்டாம் என்று. இவ்வளவுக்கும் பிறகு 15-ஆம் தேதி அந்தக் கதவில் ஒரு தாள் ஒட்டச் சொன்னேன். அக்கா சிரித்தார், ஒட்டினார். அதைப் படிக்க யாராவது வந்தார்களா என்பது யாருக்கும் தெரியாது, ஞாயிறன்று அங்கே ஆள் இல்லை.

வகுப்பு முடிந்ததும் குறிப்பை எடுத்துவிடலாமா என்று கேட்டார். முடிந்துபோன வகுப்பின் பதிவில் அது தலையில் இருக்க வேண்டியதில்லை. கீழே இறக்கிவிடலாம், அழிக்க வேண்டாம் என்றேன். 560 கட்டியவரும் 650 கட்டியவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தைத்திருக்கிறார்கள்; பேச்சு வந்து யாராவது திரும்பிப் பார்த்தால் காரணம் அங்கே இருக்கட்டும். அதைவிட அவசரமான வேலை ஒன்று பாக்கி இருந்தது. முதல் தப்பு தொடங்கிய இடம் அக்காவின் போனில் இருக்கும் குறிப்பு. ஒவ்வொரு மாதமும் அதைத்தான் நகலெடுத்து, தேதியை மட்டும் மாற்றி எனக்கு அனுப்புவார். பதிவில் எல்லாம் திருத்தியும் அந்தக் குறிப்பில் கட்டணம் 560 என்றே இருந்தது. அடுத்த வகுப்புக்கான விவரத்தை அனுப்புவதற்கு முன் அதைத் திறந்து மாற்றச் சொன்னேன், மாற்றிவிட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பவும் சொன்னேன்.